‘முழுவதும் மறுக்கப்படுகிறது’

“நாலு வருசம் வயித்துல, தோள்ல சுமந்த புள்ளைங்களையே என்னது இல்லைன்னு எழுதிட்டாராங்க்கா?”

திருப்பூர்ப் பக்கத்துப் பெண் ஒருவர், தனக்கு உதவிவந்த சமூகப் பணியாளரிடம் கேட்ட கேள்வி இது. கணவரிடம் ஜீவனாம்சம் கேட்டு அவர் தொடுத்த வழக்கில், கணவரின் எதிருரை அன்றுதான் கைக்கு வந்திருந்தது. நீதிமன்றத்தில் எல்லோரும் ‘கவுன்டர்’ என்று சொல்லும் தாள் அது. ஒன்பது பக்கமும் ஆங்கிலம். பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவன் படித்துச் சொல்லியிருக்கிறான். இரண்டாம் பத்தியைத் தமிழாக்கினால், “கீழே வெளிப்படையாக ஒப்புக்கொண்டவை தவிர மனுவில் உள்ள அனைத்தும் முழுவதும் மறுக்கப்படுகிறது, மனுதாரரே அவற்றை நிரூபிக்கக் கடமைப்பட்டவர்” என்று வரும். அதோடு அந்தப் பெண் படிப்பதை நிறுத்திவிட்டார். அடுத்த பத்தியிலேயே திருமணமும் இரண்டு குழந்தைகளும் ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தன.

சமூகப் பணியாளர் மனுவையும் எதிருரையையும் என்னிடம் கொண்டுவந்தார். “மேடம், நான் இந்தக் குடும்பத்தோட இன்னும் ஒரு வருசமாவது போகணும். இதுல என்னதான் சொல்லியிருக்காங்கன்னு ரெண்டு பக்கத்துல எழுதித் தர முடியுமா?” என்றார். இலவச சட்ட உதவி வழக்குகளில் இப்படிப்பட்ட சுருக்கங்களைப் பல ஆண்டுகளாக எழுதிவருகிறேன். இங்கே சொல்லும் குடும்பம் ஒரே குடும்பம் அல்ல. பல வழக்குகளில் கண்டதைச் சேர்த்து, அடையாளங்களை மாற்றி, ஒரு வழக்காக வைத்திருக்கிறேன்.

மனு எந்தச் சட்டப்படி என்பதைச் சுருக்கத்தின் முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும். 2024 ஜூலை 1-ஆம் தேதிவரை இது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு. அன்றிலிருந்து புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவு. எண் மாறியதே தவிர, அடிப்படை அதேதான். குற்றவியல் சட்டப் புத்தகத்தில் இருப்பதால் கணவர் மேல் ‘கிரிமினல் கேஸ்’ போட்டதாக உறவினர்கள் கொதிப்பார்கள். இது தண்டனை கேட்கும் வழக்கு அல்ல, சோற்றுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பணம் கேட்கும் வழக்கு. குடும்பநல நீதிமன்றம் உள்ள இடத்தில் அங்கேயும், இல்லாத இடத்தில் குற்றவியல் நடுவரிடமும் நடக்கும். இந்த ஒரு விளக்கத்தை வைத்தே சமூகப் பணியாளர் பல வீடுகளில் சூட்டைத் தணித்திருக்கிறார்.

சுருக்கம் எழுதுபவர்கள் செய்யும் பெரிய தவறு, மனுவை முதல் பத்தியிலிருந்து கடைசிப் பத்திவரை சுருக்கிவிட்டு, அதன் கீழே எதிருரையையும் அதே மாதிரி சுருக்குவது. படிப்பவருக்கு அப்போது கிடைப்பது இரண்டு கதைகள். முதல் கதையைப் படிக்கையில் அவர் பாவம், இரண்டாவதைப் படிக்கையில் இவர் பாவம். எது உண்மையில் தகராறு, எதில் தகராறே இல்லை என்பது தெரியாது.

அதனால் நான் நீதிபதி விடை தேட வேண்டிய கேள்விகளையே தலைப்புகளாக வைத்துக்கொள்வேன். இவர்கள் கணவன் மனைவியா, குழந்தைகள் இவர்களுடையவர்களா? கணவர் பராமரிக்காமல் விட்டாரா, மறுத்தாரா? மனைவியால் தன்னைக் காத்துக்கொள்ள முடியுமா? கணவருக்குக் கொடுக்கும் வசதி உண்டா? மனைவி பிரிந்திருப்பதற்குப் போதுமான காரணம் உண்டா? ஒவ்வொரு கேள்வியின் கீழும் மனு சொல்வதையும் எதிருரை சொல்வதையும் பத்தி எண்ணோடு பக்கத்தில் பக்கத்தில் எழுதினால், பதினான்கு பக்கம் இரண்டு பக்கத்துக்குள் அடங்கிவிடும்.

மனு இப்படிப் போகிறது. 2014-இல் திருமணம். ஒன்பது வயதில் மகள், ஐந்து வயதில் மகன். கணவர் குடித்துவிட்டு அடிப்பார். 2023 ஆகஸ்டில் மனைவியையும் குழந்தைகளையும் வீட்டைவிட்டு விரட்டினார். அன்றுமுதல் அம்மா வீட்டில்தான் இருக்கிறார் (பத்தி 5). 2024 பொங்கலுக்கு முந்தைய இரவு வீட்டில் வைத்து மறுபடி அடித்தார், தடுக்க வந்த மகளுக்கும் அடி விழுந்தது (பத்தி 8). கணவர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், மாதம் 45,000 ரூபாய் சம்பளம். நான்கு லைன் வீடுகளிலிருந்து 12,000 வாடகை. மனைவிக்கு வருமானம் எதுவும் இல்லை. பிரிந்தபின் ஒரு பைசாகூடத் தரவில்லை. மனைவிக்கு 10,000, குழந்தைகளுக்குத் தலா 7,500, ஆக மாதம் 25,000 வேண்டும். 2024 நவம்பர் 18-இல் தாக்கல்.

எதிருரை வேறு மாதிரி. மனைவி 2024 பிப்ரவரியில் தானாகவே நகைகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார் (பத்தி 4). ஊர்ப் பெரியவர்கள் இரண்டு முறை பேசிச் சேர்த்துவைத்தும் அவருக்குச் சேர்ந்து வாழ விருப்பம் இல்லை (பத்தி 5). இப்போதும் அவரை அழைத்துக்கொள்ளத் தயார் (பத்தி 6). அவர் தையல் வேலையில் மாதம் 15,000 சம்பாதிக்கிறார் (பத்தி 7). தனக்கு நாள் கூலி 550 மட்டுமே, வாரச் சம்பளம் (பத்தி 8). லைன் வீடுகள் தாயாருக்குச் சொந்தம் (பத்தி 9). கடன் தவணை 6,800, தாயாரின் மருந்துக்கு 4,000, தன் சொந்தச் செலவு 6,000 (பத்தி 10). மனைவியின் நடத்தை பற்றி ஒரு பத்தி (11). 2024 ஜூனில் மகளின் பள்ளிக் கட்டணம் 6,500 தானே கட்டியதற்கு ரசீது (பத்தி 12).

அந்த இரண்டாம் பத்தியை முதலில் முடித்துவிடலாம். ‘முழுவதும் மறுக்கப்படுகிறது’ என்பது ஏறக்குறைய எல்லா எதிருரையிலும் அச்சடித்தாற்போல் இருக்கும் வாசகம். பின்னால் ஏதாவது ஒன்றைச் சொல்ல மறந்தால் அதை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடக் கூடாது என்று வழக்கறிஞர் போட்டுவைக்கும் வேலி அது. சொத்து, கடன் போன்ற சிவில் வழக்குகளில், குறிப்பாக மறுக்காததை ஒப்புக்கொண்டதாகக் கொள்ளலாம் என்றே விதி உண்டு. ஜீவனாம்ச வழக்குக்கு அந்த விதி நேராகப் பொருந்தாது, ஆனால் எழுதும் பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆகவே அதைச் சுருக்கத்தில் ‘பொது மறுப்பு’ என்ற இரண்டே சொல்லில் எழுதிவிட்டு நகர்ந்துவிடுவேன். கவனிக்க வேண்டியது, ஒரு செய்தியை எடுத்து, அதற்கு நேரான பதிலைச் சொல்லி மறுக்கும் இடங்களை. ‘45,000 இல்லை, நாளுக்கு 550’ என்பது அப்படிப்பட்ட மறுப்பு. ‘அடித்ததாகச் சொல்வது மறுக்கப்படுகிறது’ என்பதற்கு மேல் பொங்கல் இரவைப் பற்றி எதிருரையில் ஒரு சொல்கூட இல்லை. அன்று ஊரில் இல்லை என்றோ, மகளுக்கு வேறு விதமாக அடிபட்டது என்றோ சொல்லவில்லை. இதைச் சுருக்கத்தில், “பொங்கல் இரவு: மனு பத்தி 8 விவரமாகச் சொல்கிறது, எதிருரை பொதுவாக மறுக்கிறது, அன்று நடந்ததாக வேறு எதையும் சொல்லவில்லை” என்று எழுதினேன். ‘ஆகவே அடித்தது உண்மை’ என்று எழுதவில்லை. அந்த வரியை எழுதும் உரிமை எனக்கும் இல்லை, சமூகப் பணியாளருக்கும் இல்லை.

இனி நாள்கள். ஜீவனாம்ச மனுக்களில் அதிகமாகச் சறுக்கும் இடம் இதுதான். மேலே சொன்ன மனுவை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். 2023 ஆகஸ்டிலிருந்து அம்மா வீட்டில் இருக்கும் பெண்ணை, 2024 பொங்கலுக்கு முந்தைய இரவு கணவர் ‘வீட்டில் வைத்து’ எப்படி அடித்திருக்க முடியும்? குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்கப்போகும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். மனுவை எழுதியவர் பொய் எழுதவில்லை. அரைமணி நேரத்தில் அழுதுகொண்டே சொல்லப்பட்ட பத்து வருட வாழ்க்கையை ஐந்து பக்கத்தில் அடைத்திருக்கிறார்.

உதவிசெய்கிற பக்கத்தின் ஓட்டையை மூடிமறைத்துச் சுருக்கம் எழுதும் ஆசை வரும். அப்படி எழுதினால் அந்தப் பெண்ணுக்குத்தான் நட்டம். “பத்தி 5-உம் பத்தி 8-உம் நாள் பொருந்தவில்லை, மனுதாரரிடம் கேட்க வேண்டும்” என்று நேராகவே எழுதினேன். சமூகப் பணியாளர் கேட்டபோது நடந்தது தெரிந்தது. ஆகஸ்டில் விரட்டப்பட்டது உண்மை. புரட்டாசி முடிந்ததும் பெரியவர்கள் பேசித் திரும்பக் கொண்டுபோய் விட்டார்கள். பொங்கலுக்கு முந்தைய இரவு அடி. தை மாதம் முழுக்க இன்னொரு சுற்றுப் பேச்சு. பிப்ரவரியில் குழந்தைகளோடு அம்மா வீட்டுக்கு வந்தது, அதன்பின் போகவில்லை.

இப்போது எதிருரையின் ஐந்தாம் பத்தியைத் திரும்பப் பார்க்க வேண்டும். ‘பெரியவர்கள் இரண்டு முறை சேர்த்துவைத்தும்’ என்று கணவரே எழுதியிருக்கிறார். மனைவியைக் குறை சொல்வதற்காக எழுதப்பட்ட வரி அது. ஆனால் 2024 பிப்ரவரிக்கு முன்பே பெரியவர்கள் வந்து பேசும் அளவுக்குப் பிரச்சினை இருந்தது என்பதை அந்த வரியே காட்டுகிறது. மனுவில் பெரியவர்கள் பேச்சே இல்லை. இரண்டையும் தனித்தனியாகப் படித்தால் இது கண்ணில் படாது. சுருக்கத்தில் எழுதியது: “பெரியவர்கள் பேசியது: எதிருரை சொல்கிறது, மனுதாரரும் நேரில் சொல்கிறார், தகராறு இல்லை. எதற்காகப் பேச வேண்டிவந்தது என்பதில்தான் தகராறு.” வழக்கறிஞர் இதைப் பார்த்துவிட்டு, முதல் விசாரணைக்கான பிரமாண வாக்குமூலத்தில் நாள்களை ஒழுங்காகச் சொன்னார். அந்தப் பெரியவர்களில் ஒருவர் சாட்சிக்கு வரச் சம்மதிப்பாரா என்று கேட்கும் வேலை சமூகப் பணியாளருக்கு வந்தது.

பிரிந்ததற்கான காரணம் ஏன் இவ்வளவு முக்கியம்? போதுமான காரணம் இல்லாமல் கணவரோடு வாழ மறுக்கும் மனைவிக்கு ஜீவனாம்சம் இல்லை என்று சட்டம் சொல்கிறது. அதனால்தான் அநேகமாக எல்லா எதிருரையிலும் ‘அழைத்துக்கொள்ளத் தயார்’ என்ற வரி இருக்கும். சில நேரம் அது மனதார எழுதப்படுவது, சில நேரம் பணம் கொடுக்காமல் தப்பும் வழி. தாளை மட்டும் பார்த்து எது என்று சொல்ல முடியாது. ஆனால் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. மனு வருவதற்கு முன் அழைத்தாரா, வந்தபின்தான் அழைக்கிறாரா? அழைத்ததற்கு நோட்டீஸோ, கடிதமோ, செல்பேசிச் செய்தியோ உண்டா? எந்த வீட்டுக்கு அழைக்கிறார்? இந்த எதிருரையில் எந்தச் சான்றும் இணைக்கப்படவில்லை என்பதை மட்டும் குறித்தேன். கணவர் சேர்ந்து வாழ அழைத்தாலும், மனைவி மறுப்பதற்குச் சொல்லும் காரணங்களைக் கேட்டுப் பார்த்து ஜீவனாம்சம் வழங்கச் சட்டமே இடம் தருகிறது. சேர்ந்து வாழும்படி நீதிமன்றமே தீர்ப்பளித்து மனைவி போகாமல் இருந்தால்கூட, அந்த ஒரே காரணத்துக்காக ஜீவனாம்சத்தை மறுத்துவிட முடியாது என்று 2025 ஜனவரியில் ரீனா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

சமூகப் பணியாளரிடம் விரல்விட்டுச் சொன்ன செய்தி ஒன்று உண்டு. இந்தக் காரணச் சண்டை முழுவதும் மனைவியின் பங்கைப் பற்றியது மட்டுமே. அம்மா ஏன் பிரிந்தார் என்பதற்காகக் குழந்தையின் பங்கை மறுக்கச் சட்டத்தில் வழியில்லை. அதனால் சுருக்கத்தில் குழந்தைகளின் தொகையைத் தனி வரியில் எழுத வேண்டும். 25,000 என்று மொத்தமாக எழுதினால், ‘அவ வீட்டைவிட்டு ஓடிட்டா, ஒரு பைசா கெடைக்காது’ என்று உறவினர் யாராவது சொன்னதும் அந்தப் பெண் குழந்தைகளுக்கானதும் போய்விட்டது என்று நம்பிவிடுவார். நம்பியே வாய்தாவுக்குப் போகாமல் இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது பணம். இங்கே சுருக்கம் எழுதுபவர் கையில் எடுக்க வேண்டியது கணக்கு மட்டும். கணவர் சொல்வது நாளுக்கு 550. வாரம் ஆறு நாள் என்றால் 3,300. மாதத்துக்குச் சராசரியாக நாலேகால் வாரத்துக்குச் சற்று மேல், ஆக ஏறக்குறைய 14,300. அவரே சொல்லும் மாதச் செலவைக் கூட்டினால் 6,800, 4,000, 6,000, மொத்தம் 16,800. சொல்லும் வருமானத்தைவிடச் சொல்லும் செலவு 2,500 ரூபாய் அதிகம். கடன் தவணை தவறியதாக எதிருரையில் எங்கும் இல்லை. அப்படியானால் சொல்லாத வருமானம் ஏதோ இருக்கலாம், அல்லது செலவைக் கூட்டிச் சொல்லியிருக்கலாம், அல்லது தாயாரின் வாடகைப் பணம் அவர் கைக்கு வரலாம். எது என்று சுருக்கம் சொல்லாது. கணக்கு இடிக்கிறது என்பதை மட்டும் காட்டும். வழக்கறிஞருக்கு அது போதும்.

மனுவின் 45,000-க்கும் அதே தராசுதான். அதற்கு மனுவில் எந்தக் காகிதமும் இணைக்கப்படவில்லை. பின்னலாடைத் தொழிலில் வாரச் சம்பளம் சனிக்கிழமை கையில் வருவது வழக்கம், சம்பளச் சீட்டு இருக்காது. ‘கட்டிங் மாஸ்டர்’ என்பதை எதிருரை மறுக்கவில்லை, கூலியை மட்டும் மறுக்கிறது. அந்த வேலைக்கு அந்தப் பகுதியில் என்ன கூலி நடக்கிறது என்று தெரிந்த ஒரு சாட்சி வேண்டியிருக்கும் என்று குறித்தேன். லைன் வீடுகள் யார் பெயரில் இருக்கின்றன என்பதை விசாரித்துக்கொண்டு அலைய வேண்டியதில்லை. பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்க விவரம் பார்க்கலாம். பார்த்தபோது வீடுகள் தாயார் பெயரில்தான் இருந்தன. எதிருரை சொன்னது சரி. அதையும் அப்படியே எழுதினேன்.

பள்ளிக் கட்டண ரசீதும் அதே மாதிரி. ‘ஒரு பைசாகூடத் தரவில்லை’ என்று மனு சொல்கிறது, கணவர் 6,500 ரூபாய் ரசீதை நீட்டுகிறார். கேட்டதற்கு அந்தப் பெண், “ஆமாங்க்கா, ஜூன்ல பள்ளிக்கூடத்துல போய்க் கட்டிட்டு வந்தாரு. என் கையில தரலைங்கறதால சொல்லாம விட்டுட்டேன்” என்றார். சின்ன விஷயம்தான். ஆனால் ஒரு வரி பொய்யென்று ஆனால் மற்ற வரிகளின் மேலும் சந்தேகம் விழும். சுருக்கத்தில் இதை மாற்றி எழுதினால் பலம் எந்தப் பக்கம் என்று தெரியும்: “2024 பிப்ரவரிக்குப் பின் பணம் கொடுத்ததாக எதிருரை காட்டுவது ஜூன் மாதப் பள்ளிக் கட்டணம் ஒன்றுதான். மாதாமாதம் கொடுத்ததாக எங்கும் சொல்லவில்லை.”

இதையெல்லாம்விடச் சங்கடமான கேள்வி மனைவியின் வருமானம். மனு ‘எதுவும் இல்லை’ என்கிறது. எதிருரை ‘15,000’ என்கிறது. இரண்டுமே சரியில்லை என்று சமூகப் பணியாளருக்கு முதலிலேயே தெரியும், அந்த வீட்டுத் திண்ணையில் தையல் மிஷினைப் பார்த்திருக்கிறார். பீஸ் ரேட்டுக்குத் துணி வாங்கித் தைத்து மாதம் மூவாயிரம், நாலாயிரம் வருகிறது. சொன்னால் ஜீவனாம்சம் போய்விடுமோ என்று அந்தப் பெண் பயந்து வழக்கறிஞரிடமே சொல்லவில்லை.

பயப்படத் தேவையில்லை. தன்னைக் காத்துக்கொள்ள இயலாதவர் என்றால் கையில் ஒன்றுமே இல்லாதவர் என்று பொருள் இல்லை. மூவாயிரத்தில் மூன்று பேர் வாழ முடியாது என்பது நீதிபதிக்கும் தெரியும். ஆனால் மறைத்தது வெளியே வந்தால் நிலைமை வேறு. 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேகா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன், மாதச் செலவு எல்லாவற்றையும் ஒரே படிவத்தில் பிரமாண வாக்குமூலமாகத் தாக்கல்செய்ய வேண்டும் என்று உத்தரவிட்டது. அதில் பொய் சொன்னால் பொய்ச் சாட்சிக்கான நடவடிக்கை வரும். துணி கொடுத்தவர் செல்பேசி வழியாக அனுப்பிய பணமெல்லாம் வங்கிக் கணக்கில் பதிவாகியிருக்கும். சமூகப் பணியாளர் அந்தப் பெண்ணை வழக்கறிஞரிடம் அழைத்துப்போய் வாயால் சொல்லவைத்தார். வாக்குமூலத்தில் ‘பீஸ் ரேட் தையல், மாதம் சுமார் 3,500’ என்று ஏறியது. சுருக்கத்தில் இந்த விவரத்தை நான் எழுதவில்லை. தாள்களில் இல்லாத, அவர் நம்பிச் சொன்ன செய்தி அது. “மனுதாரரின் வருமானம்: வாக்குமூலம் தருமுன் வழக்கறிஞர் நேரில் கேட்டறிய வேண்டும்” என்று மட்டும் எழுதினேன்.

கணவரும் அதே படிவத்தைத் தாக்கல்செய்தாக வேண்டும். எதிருரையோடு அது வரவில்லை. இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, இருப்பதைப் போலவே இல்லாததும் தெரிய வேண்டும். ‘எதிர்மனுதாரரின் சொத்து விவர வாக்குமூலம் இன்னும் தாக்கலாகவில்லை’ என்ற வரிதான் அந்தச் சுருக்கத்தில் வழக்கறிஞர் முதலில் கோடிட்ட வரி. அடுத்த வாய்தாவில் அதைக் கேட்டு மனு போட்டார்.

எதிருரையின் 11-ஆம் பத்திக்கு வருகிறேன். மனைவியின் செல்பேசி, ஒரு ‘மூன்றாம் நபர்’, இரவு நேரம் என்று அதில் எழுதியிருந்த சொற்களை நான் திரும்ப எழுதவில்லை. “பத்தி 11: மனுதாரரின் நடத்தை பற்றிய குற்றச்சாட்டு. பெயர், நாள், இடம், சான்று எதுவும் தரப்படவில்லை” என்பதோடு நிறுத்தினேன். ஜீவனாம்சத்தைத் தடுக்க வேண்டுமானால் மனைவி வேறொருவரோடு தகாத உறவில் வாழ்ந்துவருகிறார் என்று நிரூபித்தாக வேண்டும், சந்தேகத்தைக் கிளப்பினால் போதாது. சுருக்கம் பலர் கைக்குப் போகும். அலுவலக மேசையில் கிடக்கும், சில இடங்களில் வாட்ஸ்அப்பில்கூடப் போய்விடுகிறது. அந்தப் பெண்ணின் தம்பி அதைப் படித்துவிட்டு மச்சானை அடிக்கக் கிளம்பினால் யார் பொறுப்பு? குழந்தைகளின் பெயரையும் பள்ளியின் பெயரையும் எழுதாமல் ‘மகள், 9’, ‘மகன், 5’ என்று எழுதுவதும் இதே காரணத்துக்காகத்தான்.

மொழியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தமிழுக்கு நல்ல வசதி ஒன்று இருக்கிறது: ‘என்கிறார்’, ‘என்று சொல்லப்படுகிறது’, ‘ஆம்’ என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் அது யாருடைய கூற்று என்று தெரிந்துவிடும். அதை விட்டுவிட்டு, ‘கணவர் குடித்துவிட்டு அடித்தார்’ என்று சுருக்கத்தில் எழுதினால், ஆறு மாதம் கழித்துப் படிக்கும் வேறொரு பணியாளர் அதை முடிந்துபோன உண்மையாக எடுத்துக்கொள்வார். ‘விரட்டினார்’, ‘போய்விட்டார்’ இரண்டில் எதை எழுதினாலும் ஒரு பக்கம் சாய்ந்துவிடுவோம். ‘2024 பிப்ரவரி முதல் தனித்தனியே வாழ்கிறார்கள், விரட்டியதாக மனு, தானாகப் போனதாக எதிருரை’ என்று எழுதினால் சாய்வு இருக்காது.

எழுதி முடித்ததும் சமூகப் பணியாளர் அதைத் தமிழில் அந்தப் பெண்ணுக்கு வாசித்துக் காட்டினார். தான் கையெழுத்துப் போட்ட மனுவில் என்ன இருக்கிறது என்று அவருக்கு அன்றுதான் முழுதாகத் தெரிந்தது. தமிழ்நாட்டுக் கீழமை நீதிமன்றங்களில் தமிழிலேயே மனுப் போடலாம். இருந்தும் பல மனுக்கள் ஆங்கிலத்தில்தான் வருகின்றன. கையெழுத்துப் போடுபவருக்கு அதை வாசித்துக்காட்டுவதற்கு நேரம் ஒதுக்காதது எங்கள் வழக்கறிஞர் தரப்பின் குறை.

சுருக்கத்தால் முடியாததும் உண்டு. அது சாட்சியம் அல்ல, அதை நீதிமன்றத்தில் தாக்கல்செய்யக் கூடாது. எவ்வளவு கிடைக்கும் என்று அதிலிருந்து சொல்ல முடியாது. நிகர சம்பளத்தில் நான்கில் ஒரு பங்கு என்று ஒரு பேச்சு உலவுகிறது. 2017-இல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படிச் சொன்னது உண்மை, ஆனால் எல்லா வழக்குக்கும் அது கட்டாயம் இல்லை. சமூகப் பணியாளர் ஏதாவது ஒரு தொகையைச் சொல்லிவிட்டால் குடும்பம் அதை நம்பிக் கடன் வாங்கும்.

இடைக்கால ஜீவனாம்ச மனுவை, எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் சார்பு ஆன நாளிலிருந்து கூடியவரை 60 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இந்த வழக்கில் உத்தரவு வர 2025 ஜூன் 18 ஆயிற்று. மனைவிக்கு 4,000, குழந்தைகளுக்குத் தலா 3,000, மாதம் 10,000. தாக்கல்செய்த நாளிலிருந்தே கணக்கிட வேண்டும் என்று ரஜ்னேஷ் தீர்ப்பு சொல்வதால், அன்றைக்கே ஏழு மாத பாக்கி 70,000 ரூபாய். கணவர் 20,000 கட்டினார், பிறகு நிறுத்திவிட்டார்.

கட்டாத தொகையை வசூலிக்க மனுப் போடலாம். வாரண்ட் வரும், அதன்பின்னும் கட்டாவிட்டால் ஒவ்வொரு மாதத் தவறுக்கும் ஒரு மாதம்வரை சிறைக்கும் இடமுண்டு. ஆனால் தொகை கொடுக்க வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் அந்த மனுவைப் போட்டாக வேண்டும். பேசிப் பார்ப்போம், தீபாவளிக்குத் தருவார், பொங்கலுக்குத் தருவார் என்று காத்திருந்து அந்த ஓராண்டைத் தவறவிட்ட குடும்பங்கள் பல. சமூகப் பணியாளரிடம் இருந்த பழைய சுருக்கத்தை வாங்கி, அதன் கடைசியில் மூன்று வரி சேர்த்துக் கொடுத்தேன்: உத்தரவு நாள் 18.06.2025. பாக்கி 50,000, மாதம் 10,000 கூடிக்கொண்டிருக்கிறது. வசூல் மனுவுக்குக் கடைசி நாள் 17.06.2026 என்று வைத்துக்கொண்டு, அதற்கு ஆறு மாதம் முன்பே வழக்கறிஞரைப் பார்க்கவும்.

அவர் அந்த நாளைத் தன் நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டார். அந்தப் பெண் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரின் அட்டையிலும் எழுதிவிட்டு வந்ததாகப் பிறகு சொன்னார்.